லூவ்ர் நூலகத்தில் குழாய்க் கசிவு: நனைந்த 400 புத்தகங்கள் என்ன ஆகும்? 48 மணி நேரம் ஏன் முக்கியம்?

உலகின் மிகப் பிரபலமான அருங்காட்சியகமான பாரிஸ் லூவ்ர், 2025 அக்டோபர் 19-ம் தேதி நடந்த நகைக் கொள்ளையால் தலைப்புச் செய்தியானது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் நவம்பர் மாதமே இன்னொரு அடி விழுந்தது. இந்த முறை வந்தது திருடன் இல்லை, தண்ணீர்.

நவம்பர் 26-ம் தேதி, எகிப்தியத் தொல்பொருள் துறையின் நூலகத்தில் மேற்கூரை வழியாகத் தண்ணீர் இறங்கியிருப்பது தெரிய வந்தது. 300 முதல் 400 வரையிலான பழைய நூல்களும் ஆவணங்களும் நனைந்துவிட்டன. டிசம்பர் முதல் வாரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது.

"நனைஞ்சா என்ன, வெயில்ல காய வச்சா போச்சு" என்று தோன்றலாம். ஆனால் பழைய புத்தகத்துக்கு அது சரியான வைத்தியம் இல்லை. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் தண்ணீர் செய்த சேதத்தைவிட மனிதர்கள் செய்யும் சேதம் பெரிதாகிவிடும்.

லூவ்ரில் என்ன நடந்தது, எவை நனைந்தன, நனைந்த நூல்களை எப்படி மீட்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கசிவு எப்படி ஏற்பட்டது?

லூவ்ரின் மோலியன் பகுதியில், வெப்பமூட்டலுக்கும் காற்றோட்டத்துக்கும் பயன்பட்ட பழைய குழாய் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது முழுக்கக் காலாவதியானது என்று அருங்காட்சியகமே ஒப்புக்கொள்கிறது. அதனால் பல மாதங்களாகவே அது மூடி வைக்கப்பட்டிருந்தது. மாற்றும் பணி 2026 செப்டம்பரில் தொடங்கும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

அப்படி மூடியிருந்த அமைப்பின் வால்வு ஒன்று தவறுதலாகத் திறக்கப்பட்டதுதான் கசிவுக்குக் காரணம் என்கிறார் அருங்காட்சியகத்தின் துணை நிர்வாகி பிரான்சிஸ் ஸ்டைன்பாக். பழுதடைந்த குழாயில் தண்ணீர் ஓடி, மேற்கூரை வழியாகக் கீழே இருந்த நூலகத்தில் இறங்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாயை மூடிவிட்டோம் என்பதும், அந்தக் குழாயில் இனி தண்ணீரே வர முடியாது என்பதும் ஒன்றல்ல. ஒரு குழாயை உண்மையிலேயே ஓய்வு கொடுத்து நிறுத்த வேண்டுமென்றால், அதில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, நீர் வரும் இணைப்பைத் துண்டித்து, முனையை அடைக்க வேண்டும். குறைந்தபட்சம் வால்வின் கைப்பிடியைப் பூட்டி, "திறக்கக் கூடாது" என்று அட்டை மாட்ட வேண்டும். வால்வு திறக்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை, ஒரு கையின் தவறு போதும்.

எவை எல்லாம் நனைந்தன?

அருங்காட்சியகம் சொன்ன தகவல்களின்படி:

- நனைந்தவை 300 முதல் 400 வரை.
- இவற்றில் எகிப்தியவியல் ஆய்விதழ்களும், ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அறிவியல் ஆவணங்களும் அடக்கம்.
- பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலானவை.
- மம்மிகள், சிலைகள், பாப்பிரஸ் சுருள்கள் போன்ற தொல்பொருட்கள் எதுவும் பாதிக்கப்படவில்லை.

இந்த நூல்கள் மிகவும் பயனுள்ளவை, ஆனால் உலகில் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவை அல்ல என்பது ஸ்டைன்பாக்கின் விளக்கம். இப்போதைக்கு, மீட்கவே முடியாத இழப்பு எதுவும் இல்லை என்றும் அவர் கூறியிருக்கிறார். நூல்களை உலர்த்தி, பைண்டரிடம் அனுப்பிச் சரிசெய்து, மீண்டும் அலமாரிக்குக் கொண்டுவருவதுதான் திட்டம்.

கலைத்துறைச் செய்திகளை வெளியிடும் 'லா ட்ரிப்யூன் தெ லார்' என்ற பிரெஞ்சு இணையதளம் இதைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. சுமார் 400 அரிய நூல்கள் சேதமானதாகவும், நூலகத்தை இந்த ஆபத்தில் இருந்து காக்க எகிப்தியத் துறை நீண்ட காலமாக நிதி கேட்டும் கிடைக்கவில்லை என்றும் அது செய்தி வெளியிட்டது.

19-ம் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு ஏன் தண்ணீர் இவ்வளவு ஆபத்து?

நூல்கள் எந்தக் காலத்தவை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. பழைய காலத்தில் காகிதம் கந்தல் துணியில் இருந்து தயாரானது. நார் நீளமாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் காகிதம் பரவியது. விலை மலிவு, ஆனால் அதில் அமிலத்தன்மை அதிகம். நூறு ஆண்டில் பழுப்பேறி, தொட்டாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். அந்தத் தாள் நனைந்தால் தன் எடையைத் தானே தாங்காது.

அந்தக் காலப் புத்தகம் தன் எடையில் சுமார் 60 சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கும். ஒரு ஆண்டின் இதழ்களைச் சேர்த்துக் கட்டிய, 400 பக்கம் கொண்ட ஒரு பைண்டு தொகுதியை எடுத்துக்கொள்வோம். எடை ஒன்றரை கிலோ என்று வைத்தால், முழுக்க நனைந்ததும் கிட்டத்தட்ட 2.4 கிலோ ஆகிவிடும். 900 மில்லி தண்ணீர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் குடித்த தாள் உப்பும். நெருக்கி அடுக்கிய அலமாரியில் உப்புவதற்கு இடம் ஏது? முதல் சில மணி நேரத்திலேயே புத்தகங்கள் ஒன்றை ஒன்று நெருக்கி, முதுகு வளைந்து, தையல் அறுந்து, அட்டை பிய்ந்து வரும். சில நேரம் அலமாரியில் இருந்து புத்தகத்தை உருவவே முடியாது. பலம் கொடுத்து இழுத்தால் முதுகு மட்டும் கையோடு வரும்.

அடுத்த சிக்கல் படங்கள். பழைய தொல்லியல் இதழ்களில் புகைப்படங்களைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு நடுவே சேர்ப்பது வழக்கம். நம்மூர் அச்சகங்களில் 'ஆர்ட் பேப்பர்' என்கிறோமே, அதே வகைதான். அந்தப் பளபளப்புக்குக் காரணம் தாளின் மேல் பூசிய வெள்ளைக் களிமண்ணும் பசையும். தண்ணீர் பட்டதும் அந்தப் பசை இளகும். அப்படியே மூடிய நிலையில் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பலகை ஆகிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அதைப் பிரிக்க முடியாது.

மூன்றாவது, தண்ணீரின் தரம். பழைய வெப்பமூட்டும் குழாயில் வரும் நீர் பெரும்பாலும் துருவோடுதான் வரும். பாதி நனைந்த தாளில், ஈரம் காயும் விளிம்புக்கு இந்த அழுக்கும் தாளில் இருந்த பழுப்பும் சேர்ந்து நகர்ந்து, பழுப்பு நிறக் கோடாகத் தங்கிவிடும். முழுக்க நனைந்த புத்தகத்தைவிடப் பாதி நனைந்த புத்தகத்தில்தான் இந்தக் கோடு பளிச்சென்று தெரியும்.

48 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

பூஞ்சையிடம் இருந்துதான். பூஞ்சை வித்துகள் எல்லா நூலகத்திலும் தூசியோடு தூசியாக ஏற்கெனவே இருக்கின்றன. அவை காத்திருப்பது ஈரத்துக்கு மட்டும்தான். காற்றோட்டம் இல்லாத, கதகதப்பான அறையில் நனைந்த புத்தகம் கிடந்தால் 48 முதல் 72 மணி நேரத்தில் பூஞ்சை முளைத்துவிடும்.

அது முதலில் மேல் அட்டையில் தெரியாது. அட்டையின் உள்பக்கம், முதுகின் பள்ளம் என்று காற்றுப் படாத இடங்களில்தான் தொடங்கும். ஒரு வகையான புழுங்கல் வாடை வந்தாலே உஷாராக வேண்டும். பிறகு வெள்ளைப் பஞ்சு போலவும், கறுப்பு, பச்சை, ஊதாப் புள்ளிகளாகவும் தெரியும். தாளில் இறங்கிய அந்த நிறக்கறை, பூஞ்சை செத்த பிறகும் போகாது.

"மீட்க முடியாத இழப்பு இல்லை" என்ற வாக்கியத்தை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு கொட்டியது என்பது பாதிக் கணக்கு. கசிவு தொடங்கியதற்கும் அதை யாரோ பார்த்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம், பார்த்ததற்கும் கடைசிப் புத்தகம் உலர்த்தும் இடத்துக்கோ ஃப்ரீசருக்கோ போனதற்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதுதான் மீதிப் பாதி.

மீட்புப் பணி: படிப்படியாக என்ன செய்வார்கள்?

நூல் பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் சேதம் கூடும்.

*1. முதலில் தண்ணீர், மின்சாரம், காற்று*

வால்வை மூடி, அந்தப் பகுதியின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இன்னும் நனையாத அலமாரிகளைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூட வேண்டும். தரையில் தேங்கிய நீரை இறைத்து, அறையின் ஹீட்டரை நிறுத்த வேண்டும். வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே என்பது இலக்கு. ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் மின்விசிறிகளும் ஓட வேண்டும். ஆனால் விசிறிக் காற்று நேராகப் புத்தகத்தின் மேல் அடிக்கக் கூடாது.

பலர் செய்யும் தப்பு, சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரைக் கூட்டுவது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்துதான்.

*2. பட்டியல் போடாமல் எதையும் நகர்த்தக் கூடாது*

அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். புத்தகம் அலமாரியைவிட்டு நகரும் முன்பு படம் எடுத்து, நான்கு விஷயங்களைக் குறிக்க வேண்டும்: அலமாரி எண், எந்த அளவு நனைந்தது, தாள் எந்த வகை, எந்தப் பெட்டிக்குப் போகிறது.

ஒரு மாதிரிப் பட்டியல் இப்படி இருக்கும்:

- பெட்டி 1: ஆய்விதழ் தொகுதி, ஆர்ட் பேப்பர் படங்கள் உண்டு, முழுக்க ஈரம். உடனே ஃப்ரீசருக்கு.
- பெட்டி 2: ஆய்விதழ் தொகுதி, சாதாரணத் தாள், ஓரம் மட்டும் ஈரம். காற்றில் உலர்த்தலாம்.
- பெட்டி 3: தோல் பைண்டிங், முதுகு ஈரம். தனியாக வைத்து நிபுணர் பார்க்க வேண்டும்.
- பெட்டி 4: கையால் எழுதிய குறிப்பு, மை கரையும் வாய்ப்பு. தொடாமல், துடைக்காமல் தட்டையாக வைக்க வேண்டும்.

லேபிளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை ஈரத்தில் கரைந்து, எந்தப் பெட்டி எது என்றே தெரியாமல் போய்விடும். பிய்ந்து விழுந்த அட்டையும் துண்டும் அந்தந்தப் புத்தகத்தோடே பயணிக்க வேண்டும்.

*3. எதை முதலில் எடுப்பது?*

ஆர்ட் பேப்பர் உள்ளவைதான் முதலில். அவற்றுக்கு 48 மணி நேரம் எல்லாம் கிடையாது. ஆறு மணி நேரத்துக்குள் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தத் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் ஈரமாகவே ஃப்ரீசருக்கு அனுப்ப வேண்டும். பாதி காய்ந்துவிட்டால் கதை முடிந்தது.

முழுக்க நனைந்த புத்தகத்தைத் திறந்து பார்க்கக் கூடாது. மூடியிருந்தால் மூடியபடியே, கீழே பலகை கொடுத்துத் தாங்கி எடுக்க வேண்டும். சேற்றைத் துடைக்கிறேன் என்று தேய்த்தால் அழுக்கு நாருக்குள் இறங்கிவிடும்.

*4. காற்றில் உலர்த்துவது*

லேசாக ஈரமான புத்தகத்தை நிறுத்தி வைத்து, விசிறி போல் மெதுவாக விரித்துவிடலாம். நடுத்தர ஈரம் என்றால் பக்கங்களுக்கு இடையே ஈரம் உறிஞ்சும் தாளைச் செருக வேண்டும். சுமார் 25 தாளுக்கு ஒன்று போதும். அதற்கு மேல் திணித்தால் புத்தகத்தின் முதுகு உடையும்.

நம் 400 பக்கத் தொகுதியில் 200 தாள்கள் உண்டு. அதற்கு எட்டு உறிஞ்சு தாள் வேண்டும். இப்படி 400 தொகுதிகள் என்றால் ஒரு சுற்றுக்கு 3,200 தாள்கள். ஈரமாக ஈரமாக, தொடக்கத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இவை அத்தனையும் மாற்றியாக வேண்டும். பரப்பி வைக்க மேசைகள், இரவு பகலாக ஆட்கள் என எல்லாமே வேண்டும். அதனால்தான் சில நூறு புத்தகங்களைத் தாண்டினாலே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காற்றில் உலர்த்துவது நடக்காத காரியம் என்கிறார்கள்.

*5. உறைய வைத்து நேரம் வாங்குவது*

இதுதான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு. புத்தகங்களைத் தனித்தனியாக மெழுகுத் தாளில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காகப் பெட்டியில் வைத்து, மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே வேகமாக உறைய வைப்பார்கள். உறைந்தால் பூஞ்சை சாகாது. ஆனால் வளராது. மை பரவாது, ஆர்ட் பேப்பர் ஒட்டாது. எது எப்படிச் சரிசெய்யப்பட வேண்டும் என்று நிதானமாக முடிவெடுக்க மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும்.

பிறகு வெற்றிட உறைநிலை உலர்த்தல். காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் உறைந்த புத்தகத்தை வைத்தால், பனிக்கட்டி உருகித் தண்ணீராகாமல் நேரடியாக ஆவியாகிவிடும். அலமாரியில் போட்ட பாச்சை உருண்டை ஈரமே இல்லாமல் கரைந்து காணாமல் போகிறதே, அதே தத்துவம்தான். தாள் மறுபடி ஈரமாவதே இல்லை என்பதால் ஒட்டாது, கறைக் கோடும் குறைவு. இதற்குச் சில வாரங்கள் ஆகும்.

இதற்கும் எல்லை உண்டு. தோல் பைண்டிங்கும் தோல் தாளும் இதில் சுருங்கி விறைத்துவிடும் அபாயம் இருப்பதால், அவற்றை நிபுணர் தனியாகப் பார்ப்பார். ஏற்கெனவே வளைந்த முதுகும் அறுந்த தையலும் தானாக நிமிராது. அங்கேதான் லூவ்ர் சொல்லும் பைண்டரின் வேலை தொடங்குகிறது.

இதெல்லாம் எப்போது கற்ற பாடம்?

1966 நவம்பர் 4-ம் தேதி, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. அங்குள்ள தேசிய மத்திய நூலகத்தின் பெரும் தொகுப்பு சேற்றில் மூழ்கியது. அத்தனை புத்தகங்களையும் உலர்த்த வேறு வழி தெரியாமல் புகையிலை உலர்த்தும் கூடங்களுக்கு லாரி லாரியாக அனுப்பினார்கள். வேகமான சூட்டில் தாள் காய்ந்தது. ஆனால் பல நூல்கள் விறைத்து, கோணி, பக்கங்கள் ஒட்டிப் போயின.

அந்த மீட்புப் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பைண்டர் பீட்டர் வாட்டர்ஸ். பின்னர் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போன அவர், நனைந்த நூல்களை மீட்பது பற்றி 1975-ல் ஒரு கையேடு எழுதினார். 'முதலில் உறைய வை, பிறகு யோசி' என்ற அணுகுமுறை பரவ அது முக்கியக் காரணம்.

வேறு பிரதி இருக்கும்போது ஏன் இத்தனை கவலை?

ஒரே பிரதி இல்லை என்பது உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் ஆய்வாளருக்கு அது முழு ஆறுதல் இல்லை. லூவ்ரின் எகிப்தியத் துறையில் வேலை செய்பவருக்கு இந்த இதழ்கள் பக்கத்து அறையில் எட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு சிலை எந்தக் குழியில், எந்த ஆண்டு, எதன் பக்கத்தில் கிடைத்தது என்பதைத் தேட முதலில் புரட்டுவது இப்படிப்பட்ட பழைய அகழாய்வு அறிக்கைகளைத்தான். அவை பைண்டரிடம் இருக்கும் காலம் முழுக்க அந்த வேலை தாமதமாகும், அல்லது வேறு நூலகத்தை நம்பி நடக்க வேண்டியிருக்கும்.

யார் பொறுப்பு?

லூவ்ருக்குத் தண்ணீர் ஆபத்து புதிதல்ல. பக்கத்திலேயே சேன் நதி ஓடுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து, நிலவறையில் இருந்த கலைப்பொருட்களை வட பிரான்சின் லியேவானுக்கு மாற்ற ஒரு தனிப் பாதுகாப்பு மையமே 2019-ல் திறக்கப்பட்டது. கீழே இருந்து வரும் வெள்ளத்துக்குத் திட்டம் தயாராக இருந்தது. மேலே ஓடிய குழாய் வேறு கதை.

அதற்கு எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. கட்டடத்தின் சில பகுதிகளில் தண்ணீர் புகுவதாக, அப்போதைய அருங்காட்சியகத் தலைவர் லாரன்ஸ் தெ கார் கலாசார அமைச்சருக்கு எழுதிய குறிப்பு 2025 ஜனவரியில் பத்திரிகையில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில், கசிவுக்குச் சில வாரங்கள் முன்பு, பிரான்சின் தணிக்கை நீதிமன்றம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியும் கவர்ச்சியான திட்டங்களுக்கு முன்னுரிமை கொடுத்து, பராமரிப்பை லூவ்ர் பின்தள்ளிவிட்டது என்பது அதன் குற்றச்சாட்டு.

நனைந்த ஒரு புத்தகத்தை உறைய வைத்து, உலர்த்தி, பைண்டிங் செய்து திரும்ப அலமாரியில் வைக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செலவு. 400 புத்தகங்களுக்கு அதைப் பெருக்கிக்கொள்ளலாம். மறுபக்கம், பயன்படாத குழாயை வடித்து இணைப்பைத் துண்டிப்பது, அலமாரிக்கு மேலே ஒரு தகர மறைப்பு, தரையில் ஈரம் பட்டால் ஒலிக்கும் ஒரு அலாரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு முறைதான்.

புதிய குழாய் அமைப்புக்கான பணியே 2026 செப்டம்பரில்தான் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை அந்த நூலகத்துக்கு மேலே இருப்பது அதே பழைய குழாய்தான். இந்த முறை அந்த வால்வைப் பூட்டினார்களா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.